பக்கவாத நோயாளிக்குத் தண்ணீரை எவ்வளவு கெட்டியாக்குவது, நீர்ச்சத்துக் கணக்கை எங்கே எழுதுவது

கேள்வி: "பக்கவாத வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். விழுங்கல் பரிசோதனை முடிந்ததும் எங்கள் கேஸ் ஷீட்டில் 'கெட்டியான திரவம் கொடுக்கவும்' என்று ஒரே வரி வருகிறது. எவ்வளவு கெட்டி என்று யாரும் சொல்வதில்லை. நான்கைந்து நாளில் பலருக்கு யூரியா ஏறிவிடுகிறது. எந்தக் கெட்டித்தன்மை என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? நீர்ச்சத்துக் குறையும் அபாயத்தை எப்படி எழுத வேண்டும்?"

பதில்:

நீங்கள் கேட்டிருக்கும் இரண்டும் உண்மையில் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள். அவற்றைத் தனித்தனியாக எழுதுவதால்தான் யூரியா ஏறுகிறது. பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளராக என் அனுபவத்தில், புரையேறாமல் விழுங்கக்கூடியவற்றுள் எது மிகவும் நீர்த்ததோ அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும் அதே குறிப்பில், அந்தக் கெட்டித்தன்மையில் அவர் ஒரு நாளைக்கு எவ்வளவு குடித்து முடிப்பார் என்ற கணக்கும் இருக்க வேண்டும். இதை நான் கற்றது புத்தகத்திலிருந்து அல்ல. நானே தவறாக எழுதிய ஒரு குறிப்பிலிருந்து கற்றதால், அந்த நோயாளியை வைத்தே விளக்குகிறேன்.

அவருக்கு வயது 64, எடை 60 கிலோ. மூளையின் இடப்பக்க நடுத்தமனியில் அடைப்பு. வலப்பக்கக் கையும் காலும் செயலிழந்து, பேச்சு ஓரிரு சொல்லாகக் குறைந்திருந்தது. இரண்டாம் நாள் பார்த்தேன். ஐந்து மில்லி தண்ணீரை டீஸ்பூனில் கொடுத்ததும் இருமினார், குரல் கொழகொழத்தது. உடனே கெட்டிப்படுத்தும் மாவைக் கலந்து, கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழியும் பதத்தில் கொடுத்தேன். இருமல் இல்லை. 'நிலை 3, டீஸ்பூனில்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். இடைப்பட்ட நிலைகளைக் கொடுத்துப் பார்க்கவில்லை. ஒரு படி கூடுதலாகக் கெட்டியாக இருந்தால் கூடுதல் பாதுகாப்பு என்ற நினைப்பு அப்போது என்னிடம் இருந்தது.

அந்த நினைப்பு ஏன் தவறு என்பதற்குத் தொண்டையில் நடப்பதைப் பார்க்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் விழுங்கல் இரண்டு வகையில் கெடலாம். ஒன்று, விழுங்கும் அனிச்சைச் செயல் தாமதமாகத் தொடங்குவது. தண்ணீர் வேகமாக ஓடும் பொருள் என்பதால், குரல்வளை மூடுவதற்கு முன்பே அது கீழே இறங்கி மூச்சுக்குழலின் வாசலை அடைந்துவிடும். இங்கே கெட்டித்தன்மை உதவுகிறது. திரவம் மெதுவாக நகர்வதால், தாமதமாக வரும் அனிச்சைக்கு அவகாசம் கிடைக்கிறது. இன்னொன்று, நாக்கின் அடிப்பகுதியும் தொண்டைச் சுவரும் வலுவிழந்து, உள்ளே வந்ததை முழுவதுமாகத் தள்ள முடியாமல் போவது. இங்கே கெட்டித்தன்மை கெடுதல் செய்கிறது. கெட்டியான திரவத்தைத் தள்ள அதிக விசை வேண்டும். விசை போதாதபோது மிச்சம் தொண்டைக் குழிகளில் தங்கி, விழுங்கி முடித்து மூச்சை இழுக்கும்போது உள்ளே வழிகிறது. ஆகவே பரிசோதனையின்போது கேட்க வேண்டிய கேள்வி, புரையேறுகிறதா என்பதோடு முடிவதில்லை. விழுங்குவதற்கு முன் ஏறுகிறதா, விழுங்கிய பின் ஏறுகிறதா என்பதும் தெரிய வேண்டும். முன்னதற்குக் கெட்டியாக்கலாம். பின்னதற்குக் கெட்டியாக்கினால் நிலைமை மோசமாகலாம். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். அவர்களுக்குத் தாமதத்தைச் சமாளிக்கும் அளவுக்குக் கெட்டியாகவும், தள்ளிவிடும் அளவுக்கு நீர்த்ததாகவும் உள்ள ஒரு குறுகிய இடைவெளியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

அந்த இடைவெளியைப் பிடிப்பதற்கு முதலில் அளவுகோல் வேண்டும். 'கெட்டியாக' என்ற சொல் அளவுகோல் அல்ல. அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு வீட்டார் மோரைக் கொஞ்சம் சிலுப்பாமல் கொடுப்பார்கள்; இன்னொருவர் களி கிண்டிக் கொண்டுவருவார். நெக்டார், ஹனி என்ற பழைய பெயர்களும் ஊருக்கு ஊர் வேறு பதத்தைக் குறித்தன. இன்று ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற பன்னாட்டு வரையறையில் பானங்களுக்கு 0 முதல் 4 வரை ஐந்து நிலைகள் உள்ளன: 0 சாதாரணத் தண்ணீர், 1 மிகச் சிறிதளவு கெட்டி, 2 இலேசான கெட்டி, 3 மிதமான கெட்டி, 4 கரண்டியில் நிற்கும் கெட்டி. இதன் சிறப்பு, பத்து மில்லி சிரிஞ்சையும் கைக்கடிகாரத்தையும் வைத்துக் கட்டிலருகிலேயே சோதித்துவிடலாம் என்பது.

சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றி, நுனியை விரலால் அடைத்து, பத்து மில்லி கோடு வரை திரவத்தை ஊற்றி, விரலை எடுத்துப் பத்து விநாடி ஒழுகவிட்டு மீண்டும் அடைக்க வேண்டும். ஒரு மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் நிலை 0. 1 முதல் 4 மில்லி வரை மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8க்கு மேல் மிஞ்சியும் கொஞ்சமாவது ஒழுகியிருந்தால் நிலை 3. ஒன்றுமே ஒழுகவில்லை என்றால் அது நிலை 4 ஆக இருக்கலாம். அதை முட்கரண்டியிலும் சாய்த்த கரண்டியிலும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பத்து மில்லி சிரிஞ்சுகள் எல்லாம் ஒன்றல்ல. சோதனைக்குரிய சிரிஞ்சில் பூஜ்யக் கோட்டுக்கும் பத்து மில்லி கோட்டுக்கும் இடைப்பட்ட நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நுனியும் திருகு இல்லாத சாதாரண நுனியாக இருக்க வேண்டும். உங்கள் வார்டு ஸ்டாக்கில் உள்ளதை ஒரு முறை ஸ்கேலால் அளந்து பார்த்துவிடுங்கள். குட்டையான, பருத்த சிரிஞ்சில் அளந்தால் எண் வரும். ஆனால் அந்த எண்ணுக்குப் பொருள் இராது.

இனி என் நோயாளிக்குத் திரும்புகிறேன். என் குறிப்பைப் பார்த்ததும், வாய்வழி உணவு தொடங்கிவிட்டது என்று மூன்றாம் நாள் டிரிப்ஸை நிறுத்திவிட்டார்கள். அவருடைய மனைவி டீஸ்பூனால் ஊட்டினார். மூன்றாம் நாள் 640 மில்லி, நான்காம் நாள் 560 மில்லி உள்ளே போயிற்று. யாரும் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. சார்ட்டில் 'கெட்டித் திரவம், எடுத்துக்கொண்டார்' என்று மட்டும் டியூட்டிக்கு டியூட்டி எழுதப்பட்டிருந்தது. ஐந்தாம் நாள் காலையில் அவர் அதிகம் தூங்கினார். சொல்லிக்கொண்டிருந்த இரண்டு சொற்களும் நின்றன. பக்கவாதம் கூடிவிட்டதோ என்று மறுபடியும் சி.டி. எடுத்தார்கள். புதிதாக எதுவும் இல்லை. பிறகுதான் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்கள்.

சேர்க்கையின்போது சோடியம் 138, பொட்டாசியம் 4.1, யூரியா 28, கிரியாட்டினின் 0.9, சர்க்கரை 126 என்று இருந்தன. ஐந்தாம் நாள் சோடியம் 144, பொட்டாசியம் 4.2, யூரியா 54, கிரியாட்டினின் 1.0, சர்க்கரை அதே 126. சோடியம் 144 என்பது லேப் தாளில் இயல்பு எல்லைக்குள்ளேயே அச்சாகும், கிரியாட்டினினும் அப்படியே. தனித்தனியாகப் பார்க்கும் கண்ணுக்கு யூரியா மட்டுமே கொஞ்சம் ஏறியிருப்பதாகத் தோன்றும். ஆனால் இவற்றைச் சேர்த்து இரத்தத்தின் ஆஸ்மோலாரிட்டியைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு. முதியோரின் நீர்ச்சத்துக்கு ஐரோப்பிய வழிகாட்டிகள் பரிந்துரைப்பது இதைத்தான்:

```
1.86 × (Na + K) + 1.15 × குளுக்கோஸ் + யூரியா + 14
```

எல்லா அளவுகளும் மில்லிமோல் கணக்கில் இருக்க வேண்டும். நம் லேப்கள் சர்க்கரையையும் யூரியாவையும் மில்லிகிராமில் தருவதால், சர்க்கரையை 18ஆலும் யூரியாவை 6ஆலும் வகுத்துக்கொள்ள வேண்டும். சேர்க்கை நாளில் கணக்கிட்டால் 291 வருகிறது. ஐந்தாம் நாள் 307. இந்த வாய்பாட்டில் 295ஐத் தாண்டினாலே குடிப்பது போதாமல் வந்த நீர்ச்சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை மிக அதிகமாக இருப்பவர்களிடமும் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களிடமும் இந்த எண் வேறு காரணத்தால் ஏறும் என்பதால் அவர்களிடம் அப்படியே நம்பக் கூடாது. இவருக்கு அந்த இரண்டும் இல்லை.

யூரியாவையும் கிரியாட்டினினையும் விகிதமாகப் பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். இருபதுக்கு மேல் போனால் சந்தேகிக்க வேண்டும் என்று நாம் படித்த விகிதம் யூரியா நைட்ரஜனுக்கு உரியது. நம் ஊர் லேப் தாளில் பெரும்பாலும் வருவது முழு யூரியா. அதை 2.14ஆல் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும். இவருடைய 54ஐ வகுத்தால் 25, கிரியாட்டினின் 1.0 என்பதால் விகிதமும் 25. சேர்க்கையின்போது அது ஏறத்தாழ 14.5தான். வகுக்காமல் பார்த்தால் சேர்க்கை நாளிலேயே 31 என்று வந்து, எல்லோருக்கும் நீர்ச்சத்துக் குறைவு என்று தோன்றும். பிறகு யாரும் அந்த எண்ணை நம்ப மாட்டார்கள். தோலைக் கிள்ளிப் பார்ப்பது, நாக்கு வறண்டிருக்கிறதா என்று பார்ப்பது, சிறுநீரின் நிறம் ஆகியவை வயதானவர்களிடம் நம்பத்தக்கவை அல்ல. வாயால் மூச்சுவிடும் பக்கவாத நோயாளிக்கு நாக்கு எப்போதும் வறண்டேதான் இருக்கும்.

ஐந்தாம் நாள் மருத்துவர் டிரிப்ஸை மறுபடி தொடங்கினார். ஆறாம் நாள் அவர் விழித்து உட்கார்ந்த பிறகு நான் முதலிலிருந்து தொடங்கினேன். வாயைச் சுத்தம் செய்து, நிமிர்த்தி உட்காரவைத்து, தண்ணீரை ஐந்து மில்லி கொடுத்தேன். விழுங்குவதற்கு முன்பே இருமினார். நிலை 1இல் முதல் இரண்டு மடக்கும் சரி, மூன்றாவதில் இருமல். நிலை 2இல் டீஸ்பூனில் மூன்று முறை, பிறகு டம்ளரில் ஒவ்வொரு மடக்காக ஆறு முறை: இருமல் இல்லை, 'ஆ' என்று சொல்லச் சொன்னபோது குரல் தெளிவு, ஒரு மடக்குக்கு ஒரு விழுங்கல் போதுமானதாக இருந்தது. அதன் பிறகு, நானே எழுதிவைத்த நிலை 3ஐக் கொடுத்தேன். ஒரு கரண்டிக்கு மூன்று முறை விழுங்கினார். இருமவில்லை, ஆனால் ஒரு நிமிடம் கழித்து 'ஆ' என்றபோது தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தது. அந்த ஒரு நிமிடம் நான் இரண்டாம் நாள் காத்திருக்கவில்லை.

கட்டிலருகே பார்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. பக்கவாத நோயாளிகளில் கணிசமானோருக்கு இருமலே இல்லாமல் புரையேறும். தொண்டையின் உணர்ச்சி மங்கியிருப்பதே அதற்குக் காரணம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் எண் இறங்குகிறதா என்று பார்ப்பது இதைப் பிடித்துத் தராது. ஆகவே சந்தேகம் இருந்தால், பேரியம் கலந்து எக்ஸ்ரே திரையில் பார்க்கும் வீடியோஃப்ளூரோஸ்கோபியோ, மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்கும் ஃபீஸ் பரிசோதனையோ வேண்டும். இவருக்கு ஃபீஸ் செய்தோம். தண்ணீர் விழுங்கலுக்கு முன்பே மூச்சுக்குழலுக்குள் சென்றது. நிலை 2 செல்லவில்லை. நிலை 3 நாக்கின் அடிக்குழியிலும் வலப்பக்கத் தொண்டைக் குழியிலும் தேங்கி நின்றது. தாமதமும் இருந்தது, பலவீனமும் இருந்தது. இவருக்கான இடைவெளி நிலை 2. இத்தகைய வசதி இல்லாத இடத்தில் இருப்பவர்கள், ஒவ்வொரு நிலையையும் வரிசையாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு நிமிடம் காத்திருந்து குரலைக் கேட்டு, எத்தனை விழுங்கல் என்று எண்ணி எழுதினால், பெரும்பாலும் இதற்கு நெருக்கமாக வந்துவிடலாம். ஆனால் அது கட்டிலருகே பார்த்தது மட்டுமே என்பதைக் குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

நிலை தெரிந்துவிட்டது. இனி அளவு. மருத்துவரோடு பேசி ஒரு கிலோவுக்கு 30 மில்லி என்று வைத்தோம். இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்ததால் தடையில்லை. 60 கிலோவுக்கு 1800 மில்லி. இதை டீஸ்பூனால் ஊட்டினால் எவ்வளவு என்று பாருங்கள்: ஐந்து மில்லிக் கரண்டியில் 360 கரண்டி. ஒரு கரண்டிக்கு இருபது விநாடி என்றால்கூட இரண்டு மணி நேரம் முழுவதும் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த நோயாளி தொடர்ந்து விழித்து ஒத்துழைத்தது ஒரு தடவைக்கு கால் மணி நேரம். எட்டுத் தடவை உட்கார வேண்டும். வார்டில் அது நடக்காது. இரண்டாம் நாள் 'நிலை 3, டீஸ்பூனில்' என்று நான் எழுதியபோதே, ஐந்தாம் நாள் இரத்த அறிக்கையையும் எழுதிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். டம்ளரில் மடக்கு மடக்காகக் குடிக்க முடியும் நிலை 2 என்றால் அதே அளவு ஏறத்தாழ 150 மடக்கு. கெட்டித்தன்மையோடு எந்தப் பாத்திரத்தில் கொடுப்பது என்பதும் நீர்க் கணக்கைத் தீர்மானிக்கிறது.

கெட்டியாக்கிய தண்ணீரில் உள்ள நீரை உடல் உறிஞ்சாது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. பொதுவாகப் பயன்படும் கெட்டிப்படுத்திகளில் இருந்து நீர் குடலில் நன்றாகவே உறிஞ்சப்படுகிறது. குறைவு உறிஞ்சலில் இல்லை, உள்ளே போகும் அளவில் இருக்கிறது. வழவழவென்று வாயில் ஒட்டும் தண்ணீரை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை. தாகமும் தணிந்த உணர்வு வருவதில்லை. பேச முடியாதவர் கேட்கவும் முடியாது. இதை ஈடுகட்ட இவருக்கு வெறும் தண்ணீரோடு நீர் மோரையும் வடிகட்டிய ரசத்தையும் நிலை 2க்குக் கொண்டுவந்தோம். ரசத்தை மட்டும் அவர் தானாகவே கையை நீட்டி வாங்கினார்.

இங்கே சமையலறைக்கும் வார்டுக்கும் இடையே நடக்கும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். அரிசிக் கஞ்சியும் மாவுச்சத்து வகைக் கெட்டிப்படுத்திகளும் நிற்க நிற்க இறுகும். ஆனால் எச்சில் பட்டால் நீர்த்துவிடும், ஏனெனில் எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தைச் சிதைக்கிறது. ஒரு நாள் மதியம், பாதி குடித்த கஞ்சி டம்ளரில் அதே கரண்டி கிடந்தது. அரை மணி நேரம் கழித்து அந்த மிச்சத்தைச் சிரிஞ்சில் ஊற்றினோம்; கலந்தபோது 6 மில்லி மிஞ்சியது, இப்போது 2 மில்லிகூட மிஞ்சவில்லை. பக்கத்தில் கரண்டி படாமல் மூடிவைத்த கஞ்சியோ 9 மில்லி மிஞ்சியது. ஒரே பானை, இரண்டு நிலை. சாந்தன் கோந்து வகைக் கெட்டிப்படுத்திகள் எச்சிலால் சிதைவதில்லை, நேரத்தோடு அதிகம் மாறுவதுமில்லை என்பதால் எங்களால் முடிந்தவரை அவற்றையே கேட்கிறோம். எதுவாக இருந்தாலும், நிலை 2 என்றால் சிரிஞ்சில் 6 மில்லியைக் குறியாக வைத்துக் கலக்கச் சொல்வேன். எல்லையில் நிற்கும் திரவம் எந்தப் பக்கமும் சாயலாம். கொடுக்கும் சூட்டிலேயே சோதிக்கவும் வேண்டும்.

நீர்ச்சத்துக் குறைந்தால் மலச்சிக்கல் வரும். அதற்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை எழுதுவார்கள். அதை யாராவது கெட்டித் திரவத்திலேயே கலந்து கொடுப்பார்கள். மாவுச்சத்து வகைக் கெட்டிப்படுத்தியோடு அது சேர்ந்தால் திரவம் தண்ணீராகிவிடும். பேதி மருந்து தொடங்கும் நாளில் எந்தக் கெட்டிப்படுத்தி என்று கேட்கும் பழக்கம் மருந்து கொடுக்கும் உங்களிடம் இருந்தால் பெரிய உதவி.

இனி எழுதும் முறை. கேஸ் ஷீட்டில் நாம் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். பொருள் இப்படி இருக்க வேண்டும் என்பதற்காக, அந்த நோயாளிக்கு ஆறாம் நாள் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

"கட்டிலருகே பரிசோதனையும் ஃபீஸும் செய்யப்பட்டன. நிலை 0: விழுங்கலுக்கு முன் புரையேற்றம், இருமலுடன். நிலை 1: மூன்றாம் மடக்கில் இருமல். நிலை 2: புரையேற்றம் இல்லை, குரல் தெளிவு, மடக்குக்கு ஒரு விழுங்கல். நிலை 3: வலப்பக்கம் தேக்கம், மூன்று விழுங்கல், ஆகவே நிலை 3 கொடுக்கக் கூடாது. பரிந்துரை: எல்லாப் பானங்களும் நிலை 2, சிரிஞ்சில் 6 மில்லி குறி, டம்ளரில் ஒவ்வொரு மடக்காக, நிமிர்ந்து உட்கார்ந்து, அருகில் ஆள் இருக்க. மாத்திரைகள் பற்றி மருந்தாளுநரிடம் கேட்கவும். நீர்ச்சத்து அபாயம்: அதிகம். காரணங்கள்: பானம் கெட்டியாக்கப்பட்டுள்ளது, தாகத்தைச் சொல்ல முடியாது, பிறர் கையால் குடிக்கிறார், மூன்றாம், நான்காம் நாட்களில் 640, 560 மில்லி மட்டுமே, கணக்கிட்ட ஆஸ்மோலாரிட்டி 307. தேவை: நாளொன்றுக்கு 1800 மில்லி. வாய்வழி 1200க்குக் குறைவாக உள்ளவரை டிரிப்ஸை நிறுத்த வேண்டாம். மாலை 6 மணிக்கு மொத்தம் 800க்குக் குறைந்தால் பணி மருத்துவரிடம் சொல்லவும். இரண்டு நாள் தொடர்ந்து 1200க்குக் குறைந்தால் ரைல்ஸ் டியூப் வழியே தண்ணீர் பற்றி முடிவெடுக்கவும். எலக்ட்ரோலைட்டும் யூரியாவும் நாளை மறுநாள். விழுங்கல் மறுபரிசோதனை: எட்டாம் நாள்."

1200, 800 என்ற எண்கள் எந்த வழிகாட்டியிலும் இல்லை. தேவையில் மூன்றில் இரண்டு பங்கு, அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மாலைக்குள் என்று நாங்கள் அந்த நோயாளிக்கு வைத்துக்கொண்டவை. உங்கள் நோயாளிக்கு இதய பலவீனம் இருந்தால், தேவை என்ற எண்ணே வேறாகும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஏதாவது ஒரு எண்ணும், அது குறைந்தால் யார் யாரிடம் எத்தனை மணிக்குச் சொல்வது என்பதும் இல்லாத குறிப்பு, 'நீர் அதிகம் கொடுக்கவும்' என்ற பழைய வரியின் இன்னொரு வடிவமாகவே போகும். மாலை 6 மணி என்று வைத்ததற்குக் காரணம், இரவு டியூட்டியில் மொத்தத்தைக் கூட்டினால் அன்றைக்கு எதுவும் செய்ய நேரமிருக்காது.

சார்ட்டை நிரப்புவது பெரும்பாலும் நீங்கள்தான் என்பதால் இதையும் சொல்கிறேன். கொடுத்ததை எழுதாதீர்கள், குடித்ததை எழுதுங்கள். 200 மில்லி டம்ளர் கட்டிலருகே வைக்கப்பட்டால் சார்ட்டில் 200 ஏறிவிடுகிறது. டம்ளரில் 120 மிஞ்சியிருக்கும். அந்த நோயாளியின் டம்ளரில் மார்க்கர் பேனாவால் 50, 100, 150 என்று கோடு போட்டு, மிச்சத்தைக் கொட்டுவதற்கு முன் கோட்டைப் பார்த்துச் சொல்லும்படி அவருடைய மனைவியிடம் சொன்னோம். எழுதப் படிக்கத் தெரியாத அவர், கோடுகளை விரலால் காட்டியே மூன்று டியூட்டிக்கும் சரியாகச் சொன்னார். வாயில் வழிந்தது, துண்டில் ஒழுகியது எவ்வளவு என்றும் அவரே சொல்வார். அன்றிலிருந்து எங்கள் சார்ட்டில் ஊகம் குறைந்தது.

ஆறாம் நாள் வாய்வழி 1150, ஏழாம் நாள் 1380. டிரிப்ஸ் ஏழாம் நாள் இரவு நின்றது. எட்டாம் நாள் யூரியா 34, சோடியம் 140. பேச்சில் அந்த இரண்டு சொற்களும் திரும்பின. மறுபரிசோதனையில் இன்னும் நிலை 2. பதின்மூன்றாம் நாள் நிலை 1.

மறுபரிசோதனை நாளைக் குறிப்பில் எழுதுவதை வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. பக்கவாதத்துக்குப் பிந்தைய விழுங்கல் குறைபாடு பலருக்கு முதல் சில வாரங்களிலேயே பெருமளவு சரியாகிறது. நாள் குறிக்காமல் டிஸ்சார்ஜ் ஆனவர்கள், தேவை முடிந்து பல மாதங்கள் கழிந்தும் கெட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டு வெளிநோயாளிப் பிரிவுக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். மேலும், பற்களும் நாக்கும் அழுக்காக இருக்கும் வாயிலிருந்து கொஞ்சம் எச்சில் இறங்கினாலும் நிமோனியா வரும் என்பதால், எந்த நிலையில் இருந்தாலும் நாளைக்கு இரண்டு முறையாவது பல் துலக்குவதும் அதே குறிப்பில் ஒரு வரியாக இருக்க வேண்டும். இவருக்கு அந்த வரியை நான் ஆறாம் நாள் எழுத மறந்து, எட்டாம் நாள் சேர்த்தேன். டிஸ்சார்ஜ் தாளில் நிலை 1, சிரிஞ்சில் 3 மில்லி குறி, 1800 மில்லி, பல் துலக்கல், பத்து நாளில் மறுபரிசோதனை என்று எழுதி, கோடு போட்ட டம்ளரையும் அளந்து பார்த்த ஒரு சிரிஞ்சையும் அவருடைய மனைவியிடமே கொடுத்தனுப்பினோம்.